“ஆமா தம்பி, கஷ்டம்தான்” என்பது சான்றாகுமா? திட்ட அறிக்கையில் வாடிக்கையாளர் நேர்காணலின் இடம்

தொழில் தொடங்க நினைப்பவர் வங்கிக்கோ, மாவட்டத் தொழில் மையத்துக்கோ, ஸ்டார்ட்அப் போட்டிக்கோ ஒரு திட்ட அறிக்கை எழுதுகிறார். அதில் “நீங்கள் தீர்க்கப்போகும் பிரச்சினை உண்மையிலேயே இருக்கிறது என்பதற்கு என்ன சான்று?” என்று ஒரு கேள்வி வருகிறது. பலர் அங்கே எழுதுவது ஒரே மாதிரிதான் இருக்கும்: “30 பேரிடம் பேசினோம், 27 பேர் பிரச்சினை இருப்பதாகச் சொன்னார்கள்.” அறிக்கை திரும்பி வரும்போது அந்த வரிக்குப் பக்கத்தில் “சான்று போதாது” என்று குறிப்பு இருக்கிறது. 30 பேர் போதவில்லை என்று நினைத்து அடுத்த முறை 60 பேரிடம் பேசுகிறார்கள். குறிப்பு அப்படியே திரும்ப வருகிறது.

குறை எண்ணிக்கையில் இல்லை. கேட்ட கேள்வியிலும், எழுதி வைத்த பதிலிலும் இருக்கிறது. இதை ஒரே எடுத்துக்காட்டைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம். எடுத்துக்காட்டும் அதில் வரும் எண்களும் விளக்கத்துக்காக அமைத்தவை. களம் மட்டும் நமக்குத் தெரிந்தது: கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஏலத்தில் மீன் எடுத்து, மார்க்கெட்டிலும் தெருக்களிலும் விற்கும் பெண்கள்.

## திட்டமும் அதன் முதல் வரியும்

கடலூரில் படித்த ஓர் இளைஞர், வெப்பம் புகாத மீன் பெட்டிகளை நாள் வாடகைக்கு விடலாம் என்று திட்டம் போடுகிறார். நாளுக்கு 60 ரூபாய் வாடகை. அறிக்கையின் முதல் வரி: “கடலூரில் மீன் விற்கும் பெண்கள், பதப்படுத்தும் வசதி இல்லாததால் தினமும் நஷ்டப்படுகிறார்கள்.”

படிக்க உண்மை போலத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வரியை யாராலும் பொய்யென்று காட்டவும் முடியாது, மெய்யென்று காட்டவும் முடியாது. நேர்காணலுக்குக் கிளம்பும் முன்பே இதைச் சரிபார்க்கக்கூடிய துண்டுகளாக உடைக்க வேண்டும்:

1. யாருக்கு? கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாகப் போகிறவருக்கா, மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்பவருக்கா?
2. எத்தனை தடவை? தினமுமா, வாரத்தில் ஒரு நாளா?
3. ஒவ்வொரு தடவையும் எவ்வளவு பணம் போகிறது?
4. இப்போது அதற்கு அவர் என்ன செய்துகொள்கிறார்?

கூடவே இன்னொரு வேலை உண்டு, பெரும்பாலானோர் தவிர்ப்பது: எந்தப் பதில் வந்தால் இந்தத் திட்டத்தைக் கைவிடுவேன் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது. “கடந்த வாரத்தில் ஒரு நாள்கூட மீன் மிஞ்சாதவர்கள் பாதிக்கு மேல் இருந்தால், என் வரி தப்பு.” இப்படி ஒரு கோடு போட்டுக்கொள்ளாமல் போனால், வருகிற எல்லாப் பதிலும் திட்டத்துக்கு ஆதரவாகவே காதில் விழும்.

## ஒரே அக்காவிடம் இரண்டு விதமாகக் கேட்டால்

முதல் விதம்:

“அக்கா, மீன் கெட்டுப்போறது உங்களுக்குப் பெரிய பிரச்சினைதானே?”

“ஆமா தம்பி, கஷ்டம்தான்.”

“நல்ல பெட்டி ஒண்ணு வாடகைக்குக் கிடைச்சா எடுத்துக்குவீங்களா?”

“குடுத்தா நல்லாத்தான் இருக்கும்.”

இதை ‘பிரச்சினை உண்டு, வாங்கத் தயார்’ என்று குறித்துக்கொண்டு அடுத்தவரிடம் போய்விடலாம். 30 பேரில் 27 பேர் இப்படித்தான் சொல்வார்கள். அந்த அக்கா பொய் சொல்லவில்லை. வெயிலில் நின்று கேட்கிற பிள்ளையிடம் “இல்லை” என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அதோடு, கேள்வியிலேயே பதில் இருந்தது.

இரண்டாவது விதம்:

“அக்கா, கடைசியா மீன் மிஞ்சினது என்னைக்கு?”

“செவ்வாய்க்கிழமை.”

“அன்னைக்கு என்ன மீன் எடுத்தீங்க?”

“சங்கரா, பத்து கிலோ. கிலோ நூத்தி எண்பதுக்கு விழுந்துச்சு.”

“எவ்வளவு வித்துச்சு?”

“ஏழு கிலோ போச்சு, எரநூத்தி அம்பதுன்னு. அப்புறம் வெயில் ஏறிடுச்சு, ஆள் இல்லை.”

“மீதி மூணு கிலோவை என்ன பண்ணீங்க?”

“நாப்பது ரூபாய்க்கு ஐஸ் வாங்கிப் போட்டு மூடி வச்சேன். காலையில பாத்தா கண்ணு மங்கிப்போச்சு. நூத்தி இருபதுன்னு தள்ளிவிட்டேன்.”

இங்கே ‘பிரச்சினை’ என்ற சொல்லே வரவில்லை. ஆனால் கையில் ஒரு கணக்கு வந்துவிட்டது. மூன்று கிலோவை அடக்க விலையைவிட 60 ரூபாய் குறைத்து விற்றதில் 180 ரூபாய், ஐஸுக்கு 40 ரூபாய், ஆக 220 ரூபாய். இது அவர் கையைவிட்டுப் போன பணம். முதல் நாள் விலையோடு ஒப்பிட்டால் வராமல் போனது கிலோவுக்கு 130 ரூபாய், மூன்று கிலோவுக்கு 390. இரண்டும் சரியான எண்கள்தான், ஆனால் வேறு வேறு பொருள் கொண்டவை. அறிக்கையில் ‘நஷ்டம்’ என்று மட்டும் எழுதி 390-ஐப் போடுவது படிப்பவரைத் தவறாக வழிநடத்தும். எதனோடு ஒப்பிட்டோம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

## எந்தப் பதிலுக்கு எவ்வளவு எடை

மேலே உள்ள இரண்டு உரையாடல்களையும் வைத்துப் பார்த்தால், பதில்களை எடை குறைந்ததிலிருந்து கூடியது வரை அடுக்கலாம்.

1. கருத்து: “கஷ்டம்தான்”, “நல்லா இருக்கும்.” இதைச் சான்றுக் கணக்கில் சேர்க்கவே கூடாது.
2. பொதுவான பழக்கம்: “அடிக்கடி மிஞ்சும்.” இது ஒரு துப்பு. ‘அடிக்கடி’ என்றால் எவ்வளவு என்று தோண்டலாம்.
3. நாள் குறிப்பிட்ட நிகழ்வு: “செவ்வாய்க்கிழமை மூணு கிலோ.” சான்று இங்கிருந்துதான் தொடங்குகிறது.
4. ஏற்கெனவே செலவழித்த பணமும் பட்ட பாடும்: “நாப்பது ரூபாய்க்கு ஐஸ் வாங்கினேன்”, “பெட்டி ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன்.” யாரும் தூண்டாமல் சொந்தப் பணத்தை எடுத்துச் செலவழித்தவருக்கு அந்தப் பிரச்சினை உண்மையில் வலிக்கிறது.

எதிர்காலத்தைப் பற்றிய வாக்குறுதிகளுக்கு இந்த அடுக்கில் தனி இடம் இல்லை. “வாடகைக்கு எடுத்துப்பேன்” என்பதும் கருத்துதான். அவர் முன்பணம் கொடுத்து நாள் குறித்தால் கதை வேறு. ஆனால் அது தீர்வு விற்குமா என்பதற்கான சோதனை. பிரச்சினை இருக்கிறதா என்பது அதற்கு முந்தைய கேள்வி.

## 14 நேர்காணல்கள் சொன்னது

நம் இளைஞர் இரண்டாவது விதத்தில் 14 பேரிடம் பேசுகிறார். தெருவில் கூடை சுமந்து விற்பவர் 6 பேர், மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்பவர் 8 பேர். எல்லோரிடமும் முதுகெலும்பான கேள்வி ஒன்றுதான்: கடந்த ஏழு நாட்களில், நாள் நாளாக, என்ன எடுத்தீர்கள், என்ன மிஞ்சியது, மிஞ்சியதை என்ன செய்தீர்கள். நேற்றிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போனால் ஞாபகம் தடுமாறுவது குறையும்.

கூடைக்காரர்கள் ஆறு பேரில் ஒருவருக்குத்தான் அந்த வாரம் மீன் மிஞ்சியது, அதுவும் ஒரே நாள். அவர்கள் குறைவாக எடுக்கிறார்கள், வாடிக்கை வீடுகள் இருக்கின்றன, மதியத்துக்குள் கூடை காலியாகிவிடுகிறது. திட்டம் எழுதும்போது மனத்தில் இருந்த உருவம் இவர்கள்தான்: வெயிலில் கூடையோடு நடக்கும் பெண். இரக்கம் வந்த இடத்தில் பிரச்சினை இல்லை.

மார்க்கெட்டில் இருப்பவர்கள் எட்டுப் பேருக்கும் மிஞ்சியிருந்தது. மொத்தமாக 14-இல் 9 பேர். எழுதி வைத்த கோட்டின்படி பார்த்தால் திட்டம் தப்பித்துவிட்டது. ஆனால் ‘14-இல் 9’ என்ற எண்ணை அப்படியே அறிக்கையில் போட்டால் முக்கியமான செய்தி மறைந்துபோகும். அந்த எண் ‘6-இல் 1’, ‘8-இல் 8’ என்ற இரண்டு வேறு உலகங்களின் கலவை.

எட்டுப் பேரில் இரண்டு பேர், துறைமுகத்தில் கிடைக்கும் பழைய தெர்மோகோல் பெட்டியை 600 ரூபாய்க்கு வாங்கி வைத்திருக்கிறார்கள். மீதி ஆறு பேருக்குப் பெட்டி இல்லை. அந்த ஆறு பேருக்கும் சேர்த்து வாரத்தில் 12 நாட்கள் மீன் மிஞ்சியது, அதாவது ஆளுக்கு இரண்டு நாள். கணக்கு எளிதாக இருக்க, ஒவ்வொரு தடவையும் அந்தச் செவ்வாய்க்கிழமை போலவே மூன்று கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது ஒரு நல்ல கேள்வி பாக்கி இருக்கிறது. பெட்டி வைத்திருக்கும் இரண்டு பேருக்கும் மறுநாள் என்ன விலை கிடைத்தது? மீன் நன்றாகவே இருந்தது. ஆனாலும் வாங்க வருபவர் செவுளைத் தூக்கிப் பார்த்து, “நேத்து மீனா?” என்று கேட்டு, 250 ரூபாய் மீனை 200-க்குத்தான் எடுத்தார். ஆகவே நல்ல பெட்டியால் கூடுதலாகக் கிடைப்பது 200-க்கும் 120-க்கும் உள்ள வித்தியாசம்: கிலோவுக்கு 80. மூன்று கிலோவுக்கு 240, வாரம் இரண்டு நாளுக்கு 480 ரூபாய்.

வாடகை நாளுக்கு 60. வாரத்தில் ஆறு நாள் என்றால் 360. அந்த அக்காவுக்கு மிஞ்சுவது வாரம் 120 ரூபாய். அதைவிடப் பெரிய இடி வேறு இருக்கிறது. 600 ரூபாய்க்குச் சொந்தப் பெட்டியே கிடைக்கும்போது, இரண்டு வார வாடகை அதன் விலையைத் தாண்டிவிடுகிறது.

பிரச்சினை உண்மை என்பது 8 பேரிடம் உறுதியாகிவிட்டது. அதே சான்றுதான் இந்தத் தீர்வு நிற்காது என்பதையும் காட்டிவிட்டது. ‘30-இல் 27’ என்று எழுதியவருக்கு இந்த இரண்டும் தெரியாமலே போயிருக்கும்.

## ஒரு படி உள்ளே போனால்

சரி, 600 ரூபாய்க்குத் தீரும் என்றால் மற்ற ஆறு பேர் ஏன் பெட்டி வாங்கவில்லை? இங்கே “பணம் இல்லை” என்று நாமே ஊகித்து எழுதிவிடுவது சுலபம். திரும்பிப் போய்க் கேட்க வேண்டும், அதுவும் நடந்ததைத்தான்: “பெட்டி வாங்கணும்னு எப்பவாவது போனீங்களா? அப்புறம் என்ன ஆச்சு?”

ஆறில் நான்கு பேரின் பதில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. ஒருவர் பெட்டி வாங்கியிருந்தார். இரவு மார்க்கெட்டில் விட்டுப் போனார், காலையில் காணோம். இரண்டு பேர் வீட்டுக்குக் கொண்டுபோகப் பார்த்தார்கள், ஐஸ் தண்ணீர் ஒழுகும் பெட்டியை ஷேர் ஆட்டோவில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். இன்னொருவர் தெரிந்த வியாபாரியின் பெரிய பெட்டியில் ஓரமாகப் போட்டு வைக்கிறார், அதற்கு இரவுக்கு 20 ரூபாய் கொடுக்கிறார்.

அந்த 20 ரூபாய்தான் இத்தனை நேர்காணல்களிலும் கிடைத்த மிகக் கனமான சான்று. பெட்டி அல்ல, இரவில் மீனைப் பத்திரமாக வைக்க ஓர் இடம்தான் இல்லை. அதற்கு ஒருவர் ஏற்கெனவே காசு கொடுத்துக்கொண்டிருக்கிறார். திட்டத்தின் முதல் வரி இங்கேதான் மாறுகிறது.

## சான்று எங்கே கெட்டுப்போகும்

கேள்வி சரியாக இருந்தாலும் பதில் கோணலாக வரும் இடங்கள் உண்டு. நம் கடற்கரையில் மூன்றைக் கவனித்தே ஆக வேண்டும்.

நீங்கள் யார் என்று அவர் நினைக்கிறார். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினம் போன்ற கடலூர்க் குப்பங்களிலும் புதுச்சேரிக் கடற்கரையிலும் பேப்பரோடு வந்து கேள்வி கேட்டவர்கள் ஏராளம். புயல், வெள்ளம் என்று பின்னாலும் நிவாரணக் கணக்கெடுப்புகள் நடந்தன. நஷ்டத்தைப் பதிந்தால் உதவி வரும் என்பது அனுபவம் சொல்லிக்கொடுத்த பாடம். எனவே, கையில் படிவத்தோடு போய் “உங்க நஷ்டம் எவ்வளவு?” என்று கேட்டால் எண் பெரிதாகத்தான் வரும். அதில் அவர் குற்றம் எதுவும் இல்லை. “நான் கவர்மென்ட் இல்லைக்கா, எந்த ஸ்கீமும் கையில இல்லை, ஒரு தொழில் பண்ணலாமான்னு பாக்குறேன்” என்று முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை, சான்றுக்கும் நல்லது. நஷ்டத்தை நேராகக் கேட்காமல், எடுத்த விலை, விற்ற விலை என்று கேட்டு நாமே கழித்துக்கொள்வது இன்னும் நல்லது.

எந்த மாதம் கேட்கிறீர்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது வரத்து குறைவு, விலை அதிகம், மிஞ்சுவது அபூர்வம். புரட்டாசியில் நிலைமை தலைகீழ்: பல வீடுகளில் அந்த மாதமோ, சனிக்கிழமைகளிலாவதோ அசைவம் கிடையாது, மீன் தேங்கும். கடந்த ஏழு நாட்களைக் கேட்கும் முறையின் பலவீனம் இதுதான். அது அந்த ஏழு நாட்களைத்தான் சொல்லும். மே மாதம் மட்டும் கேட்டவர் பிரச்சினையே இல்லை என்பார், புரட்டாசியில் கேட்டவர் ஊரே தத்தளிக்கிறது என்பார். நேர்காணல் நடந்த தேதிகளை அறிக்கையில் போடாவிட்டால், படிப்பவரால் இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

பக்கத்தில் யார் இருக்கிறார்கள். ஏலம் விடுபவரோ, தண்டல் வசூலிக்க வந்தவரோ அருகில் நின்றால் கொள்முதல் விலையும் கடனும் மாறிச் சொல்லப்படும். வியாபாரம் ஓய்ந்த நேரத்தில், அவர் இடத்திலேயே உட்கார்ந்து பேசுவது மேல். கூட்டமாக நான்கு பேரிடம் ஒரே நேரத்தில் கேட்டால், அது நான்கு நேர்காணல் ஆகாது. முதலில் பேசியவர் சொன்னதை மற்றவர்கள் ஆமோதிப்பார்கள், அவ்வளவுதான்.

## 14 பேர் போதுமா?

எதற்குப் போதும் என்பதைப் பொறுத்தது. என்னென்ன வகையான சிக்கல்கள் இருக்கின்றன என்று கண்டுபிடிக்கச் சின்ன எண்ணிக்கையே போதும். கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் ஆகிய மூவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், கானாவிலும் நைஜீரியாவிலும் 60 பெண்களிடம் எடுத்த நேர்காணல்களைத் திரும்ப ஆராய்ந்தார்கள். வெளிவந்த கருப்பொருள்களில் பெரும்பகுதி முதல் 12 நேர்காணல்களிலேயே வந்துவிட்டது. அது ஒரே மாதிரியான மக்களிடம் ஒரே மாதிரிக் கேள்விகள் கேட்டபோது கிடைத்த முடிவு. கூடைக்காரர்களும் மார்க்கெட் வியாபாரிகளும் ஒரே மாதிரி இல்லை என்று மேலே பார்த்தோம், ஆகவே ஒவ்வொரு வகைக்கும் தனியாக எண்ண வேண்டும்.

ஊரில் எத்தனை சதவீதம் பேருக்கு இந்தச் சிக்கல் என்று சொல்ல இந்த எண்ணிக்கை போதாது. இதற்குக் கையோடு வைத்துக்கொள்ள ஒரு சின்ன விதி புள்ளியியலில் உண்டு. கேட்ட அத்தனை பேரும் ஒரே பதில் சொன்னால், 3-ஐக் கேட்டவர் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். மாறான பதில் உள்ளவர்களின் பங்கு, 95 சதவீத நம்பிக்கையோடு, சுமார் அந்த அளவு வரை இருக்கலாம். 30 பேரும் ஆம் என்றால்கூட, பத்தில் ஒருவருக்கு அந்தச் சிக்கல் இல்லாமல் இருக்கலாம். அதுவும் ஆட்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்திருந்தால்தான். தெரிந்தவர் காட்டிய ஆட்கள், பேச நேரம் இருந்த ஆட்கள் என்று சேர்த்திருந்தால் இந்தக் கணக்கும் பொருந்தாது. எட்டுப் பேர் என்றால் விதியைப் போடும் அளவுக்கே வரவில்லை. எனவே அறிக்கையில் ‘100 சதவீதம்’ என்று எழுதாதீர்கள், ‘8-இல் 8’ என்றே எழுதுங்கள்.

## அறிக்கையில் எப்படி எழுதுவது

நம் இளைஞரின் புதிய பத்தி இப்படி வரலாம்:

“ஜூலை மாதம் இரண்டு வாரங்களில், கடலூரில் மீன் விற்கும் 14 பெண்களிடம் தனித்தனியாகப் பேசினோம். ஆட்களைத் துறைமுகத்திலும் மார்க்கெட்டிலும் நேரில் அணுகினோம், குலுக்கல் முறை இல்லை. முந்தைய ஏழு நாட்களில் தெருவில் விற்பவர்கள் 6 பேரில் ஒருவருக்கும், மார்க்கெட்டில் விற்பவர்கள் 8 பேரில் 8 பேருக்கும் மீன் மிஞ்சியது. சொந்தப் பெட்டி இல்லாத 6 பேருக்கு வாரத்தில் சராசரி இரண்டு நாள் மிஞ்சியது. பெட்டி உள்ளவர்களின் மறுநாள் விலையோடு ஒப்பிட்டால் ஆளுக்கு வாரம் சுமார் 480 ரூபாய் வித்தியாசம். இந்த 6 பேரில் 4 பேர், இரவில் பத்திரமாக வைக்க வழி இல்லாததைக் காரணமாகக் காட்டும் நிகழ்வுகளைச் சொன்னார்கள். ஒருவர் அதற்காக இரவுக்கு 20 ரூபாய் ஏற்கெனவே செலுத்துகிறார். தெருவில் விற்பவர்களிடம் இந்தப் பிரச்சினையை நாங்கள் பெரும்பாலும் காணவில்லை.”

பத்தியின் கடைசி வாக்கியத்தை எடுத்துவிடத் தோன்றும். எடுக்கக் கூடாது. தனக்கு எதிரான கண்டுபிடிப்பையும் எழுதியவரின் மற்ற எண்களைத்தான் மதிப்பீடு செய்பவர் நம்புவார். பின்னிணைப்பில் ஒவ்வொரு நேர்காணலுக்கும் தேதி, இடம், விற்பனை வகை, மிஞ்சிய அளவு, அவர் சொன்ன ஓரிரு வாக்கியங்கள் அவர் பேச்சிலேயே இருந்தால் போதும். பெயரும் செல்போன் எண்ணும் வேண்டாம். பேசும் முன் அவரிடம் அனுமதி கேட்டதைக் குறிப்பிட்டுவிடுங்கள்.

இந்தப் பத்தி நிரூபிக்காதவையும் உண்டு. புதுச்சேரி மார்க்கெட்டில் இதே நிலையா என்று இது சொல்லாது, அங்கே போய்த்தான் கேட்க வேண்டும். புரட்டாசியிலும் தடைக்காலத்திலும் அந்த 480 ரூபாய் எவ்வளவாகும் என்பதையும் சொல்லாது. அதற்கு அதே எட்டுப் பேரிடம் செப்டம்பர் கடைசியில் ஒரு முறை, மே மாதம் ஒரு முறை, அதே ஏழு நாள் கேள்வியோடு திரும்பிப் போக வேண்டும்.